மணிக்கட்டுப் பட்டன் கட்டாயம்

புருஷன் அடித்த அடி ஆஃபீஸ் அக்காவின் உடம்பில் எங்கே விழுந்ததோ, அதை வைத்துத்தான் எங்கள் கம்பெனியில் ஃபோட்டோ நாளுக்கான உடை விதி வருடா வருடம் மாறியது. இது எங்கள் மரமண்டைக்கு ஏற நான்கு வருடம் ஆனது. அதுவரை அந்த மனுஷிக்குக் காலர் அக்கா என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். அக்கா ஆஃபீஸில். அடையாள அட்டைக்கும் வெப்சைட்டுக்கும் வருடம் ஒருமுறை எல்லோரையும் ஃபோட்டோ எடுப்பார்கள், ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசவைத்து வீடியோவும் எடுப்பார்கள். ஏற்பாடு முழுக்க அக்கா கையில். அதில் அவர் கில்லாடி. மெக்கானிக்குகள் வெளியே போய் கிரீஸைப் பூசிக்கொண்டு வருவதற்குள் அவர்களுக்குக் காலையிலேயே நேரம் கொடுத்துவிடுவார். இரவு ஷிஃப்ட்காரர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டுப் போகலாம். ரிசப்ஷனில் இருக்கும் இருவருக்கும் ஒரே நேரம் கொடுக்கவே மாட்டார், ஃபோனை யார் எடுப்பது? பொடிக்கட்டம் போட்ட சட்டை வேண்டாம், வீடியோவில் அலையடிக்கும். வெள்ளை வேண்டாம், சுவரோடு சுவராகப் போய்விடும். இடம் பின்பக்கம் சரக்கு இறக்கும் கொட்டகை. அங்கே மதியம்வரை வெயில் நேராக விழாது, முகத்தில் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும். இதுவரை எல்லாம் நியாயம்.

அதற்கு மேல்தான் வம்பு. முதல் வருடம், கழுத்துப் பட்டன்வரை போட்ட காலர் சட்டை என்று அறிவிப்பு வந்தது. பெயர் வந்ததும் அப்போதுதான். மறு வருடம் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி, வலது கன்னம் மட்டும் தெரிய நிற்க வேண்டும். அதற்கடுத்த வருடம் கம்பெனித் தொப்பி, புருவம்வரை இழுத்துவிட்டு. மாடிப்படிச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் அந்தப் படங்களைப் பார்த்து, “நம்மள எல்லாம் போலீஸ் தேடுதாக்கும்” என்பார் மெக்கானிக் ஒருவர். அவரை நாங்கள் மொட்டை என்போம். மண்டைதான் மொட்டை, வாய் ரொம்ப நீளம்.

நான்காவது வருட அறிவிப்பு கோடையில் எங்கள் ஃபோன்களுக்கு வந்தது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பட்டன் கட்டாயம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய்ச் சண்டை பிடித்தேன்.

“ஏங்க்கா, கொட்டகையில நின்னு வெந்து சாகணுமா நாங்க?”

“பத்தே நிமிஷம்மா. எனக்காகப் போட்டுக்கோ.”

“உங்களுக்காகவா? உங்க கல்யாணமா நடக்குது?”

அவர் சிரித்தார்.

ஃபோட்டோ நாள் காலை எல்லாம் கடிகாரம் மாதிரி ஓடியது. அக்கா ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் ஊக்கு டப்பாவுமாக நின்று, எண்ணெய் வழியும் மூக்குகளுக்கு டிஷ்யூ நீட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் தன் நேரத்தைக் கடைசியில் வைத்திருந்தார், பன்னிரண்டு நாற்பதுக்கு. அதற்கு முன்னால், தனிப்படம் முடிந்தும் வெளியே போகாமல் காத்திருந்த மெக்கானிக்குகளின் குழுப்படம் ஒன்று பாக்கி. அப்போதுதான் புது மேனேஜர் வந்தார்.

“என்ன இது, எல்லாரும் இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி? கையை மடிச்சு விடுங்கப்பா. வேலை செய்யற ஆளுங்க மாதிரி இருக்கணும்.”

கொட்டகையே விசிலடித்தது. படபடவென்று முழங்கைவரை சுருட்டிக்கொண்டோம். அக்கா மட்டும் சுருட்டவில்லை. “எனக்கு இப்படியே இருக்கட்டும் சார்” என்றார். விளையாட்டுக்குத்தான் போனேன் நான். “எங்கள வேகவச்சீங்கல்ல, இப்ப உங்க முறை” என்று அவர் மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றி, விறுவிறுவென்று மேலே ஏற்றினேன்.

பெல்ட் கொக்கியின் அச்சு. ஒன்றன்மேல் ஒன்றாக, பழையது மஞ்சளாக, புதியது கருநீலமாக. முழங்கைக்குக் கீழே சிகரெட் சுட்ட வட்டங்கள். அவர் கையைப் பிடித்தபடி நின்ற எனக்கு மாடிப்படிச் சுவர் ஞாபகம் வந்தது. கழுத்து. இடது கன்னம். நெற்றி. தான் ஒருத்தி மட்டும் மூடிக்கொண்டு நின்றால் யாராவது கேட்பார்கள் என்று கம்பெனியையே மூடவைத்திருக்கிறார்.

“யாருக்கா?” என்றேன், தெரிந்துகொண்டே.

“நேத்து என் ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தான்” என்றார் மெதுவாக. “ஃபோட்டோக்காரர் நேரம் மாத்தக் கூப்பிட்டிருந்தாரு. அதுக்குத்தான் இந்தப் புது அடி. இன்னைக்கு இங்க வந்தா கொன்னுடுவேன்னு சொன்னான். நான் வரலைன்னா இத்தனை பேரையும் யாரு நிக்கவைக்கிறது?” பிறகு கொட்டகை வாசலைப் பார்த்தார். “அறிவிப்பு அந்த ஃபோன்லதான் இருக்கு. இடம், நேரம் எல்லாம் அவனுக்குத் தெரியும்.”

பைக் சத்தம் கேட்டது அப்போதுதான்.

அவன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, அதாலேயே அக்காவின் வாயில் அடித்தான். பல் உடைகிற சத்தத்தை நான் முதன்முறையாகக் கேட்டேன். ஃபோட்டோக்காரர் குறுக்கே வர, அவர் நெஞ்சில் ஓர் உதை. மனிதர் விளக்கோடு போய் விழுந்தார். “மேக்கப் போட்டுக்கிட்டு இவனுக்கு முன்னால நிக்கிறியா?” என்று கத்தியபடி அக்காவின் முடியைச் சுருட்டிப் பிடித்துத் தரையில் இழுத்தான். முழங்காலால் அவர் முதுகை அழுத்தி, மறுபடி ஹெல்மெட்டை ஓங்கினான்.

விளக்குக் கம்பி சாயாமலிருக்க அதன் காலில் மணல் மூட்டை கட்டியிருப்பார்கள். சின்னதுதான், ஆனால் நல்ல கனம். கம்பியிலிருந்து அறுந்து கிடந்த அதை வாரோடு சுழற்றி அவன் காதோரத்தில் இறக்கினேன். என் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு மனசாரச் செய்ததில்லை. அவன் உருண்டான். அப்புறம் மெக்கானிக்குகள் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சுருட்டவிடாத அத்தனை கைகளும் இப்போது சுருட்டியபடிதான் இருந்தன. மொட்டை அவன் கையை முதுகுப்பக்கம் முறுக்கியதில் தோள் மூட்டு விலகியது. அவன் அலறினான். யாரும் நிறுத்தவில்லை.

“போதும்.”

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். வாயிலிருந்து ரத்தம் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது. “செத்துடப் போறான். எனக்கு உயிரோட வேணும். கோர்ட்ல நிக்கணும் அவன்.”

மொட்டை அவன்மேல் உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஃபோன் போட்டுவிட்டு, “உள்ள வந்து படுங்கம்மா, முகத்தைத் துடைங்க” என்றார்.

“துடைக்கக் கூடாது சார்” என்றார் அக்கா. உடைந்த பல்லால் வார்த்தை குழறியது. கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னெண்டு நாப்பது ஆச்சு. இது என் நேரம்.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கையை நான் முன்பே சுருட்டியிருந்தேன், மற்றதை அவரே சுருட்டிக்கொண்டார். கழுத்துப் பட்டனைக் கழற்றினார். நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கினார். அங்கே பழைய தழும்பு ஒன்று இருந்தது.

ஃபோட்டோக்காரர் எழுந்து வந்து கேமராவைத் தூக்கினார்.

“வெளிச்சம் இடது பக்கம் பத்தல” என்றார் அக்கா. “விளக்கைக் கொஞ்சம் திருப்புங்க. ரெண்டு கையும் தெளிவா தெரியணும்.”

மணல் மூட்டை அறுந்துவிட்டதால், விழுந்து கிடந்த விளக்குக் கம்பியை நிமிர்த்தி நான் பிடித்துக்கொண்டேன்.

“பக்கவாட்டுல வேணாம். நேரா எடுங்க.”