அமலராணி அக்காவின் முப்பத்தொரு சதவீதம்

இரும்புலியூர்ல எங்க ஆஸ்பத்திரி சர்க்கரை நோய் ஓ.பி. ரிசப்ஷன்ல அமலராணி அக்கா பதினோரு வருஷம் இருந்தாங்க. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மறுநாள் வரவேண்டிய நோயாளிங்க லிஸ்ட்டை எடுத்து, சொந்த போன்ல ஒவ்வொருத்தரையா கூப்பிடுவாங்க. "பாட்சா பாய், நாளைக்கு வெறும் வயித்தோட வரணும். டீ குடிச்சுட்டு வந்தீங்க, அவ்ளோதான்!" யாரும் செய்யச் சொன்ன வேலை இல்ல.

குவாலிட்டி பிரிவுல இருக்கற நான்தான், ஜெரூஷா மகராசி, மெசேஜ்ல ஞாபகப்படுத்தற திட்டத்தை எழுதினேன். மூணு மாசம், அந்த ஓ.பி.யில மட்டும் சோதனை. சம்மதம் கொடுத்தவங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு மெசேஜ், அன்னிக்குக் காலையில ஒண்ணு. சொல்லாம வராம போனவங்க நூத்துக்கு எத்தனை பேர், முன்கூட்டியே தேதி மாத்தினவங்க எத்தனை பேர், காலியான நேரத்தை எத்தனை தடவை வேற நோயாளிக்குக் கொடுத்தோம்னு அளக்கறது. எல்லாம் சரிதான்.

ஒப்பிட பழைய கணக்கு வேணுமே? வழக்கமான மாசங்கள்ல பதினெட்டு சதவீதம்தான் வராதவங்க. அதைக் காட்டினா எந்த நிர்வாகி ஒத்துப்பாரு? அக்கா கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ரெண்டு மாசம் லீவு போட்டிருந்தாங்க. அப்போ முப்பத்தொண்ணு. அந்த ரெண்டு மாசத்தையே எடுத்துப் போட்டேன். பாவி நான், கை கூசவே இல்ல.

நிர்வாகி சத்யநாராயணன் சார் கேட்டாரு, "ஏன் இந்த ரெண்டு மாசம்?"

"சமீபத்துக் கணக்கு சார்."

கையெழுத்துப் போட்டாரு. மெசேஜ் போகுதே, போன் பண்ண ஆள் எதுக்குன்னு அக்காவை மேடவாக்கம் கிளைக்கு, பில்லிங்குக்கு மாத்திட்டாரு. மூணு மாசம் கழிச்சு வராதவங்க பத்தொன்பது. மீட்டிங்ல எனக்குக் கைதட்டல். அக்கா இருந்தப்போ பதினெட்டுன்னு அந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரி வாட்ஸப் குரூப்ல ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அக்காவே கூப்பிட்டாங்க.

"ஜெரூ, முப்பத்தொண்ணுலேந்து பத்தொன்பதா! சூப்பர்டி. நான் தொண்டை கிழிய கத்தினதுல ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு இப்பதான் தெரியுது. அந்த நேரத்துல வூட்டுக்குப் போயி பசங்களையாவது பாத்திருக்கலாம்."

சிரிச்சாங்க.

"அக்கா, அந்த முப்பத்தொண்ணு நீங்க லீவுல இருந்தப்போ. நீங்க இருந்தா பதினெட்டுதான். தெரிஞ்சேதான் அதை எடுத்தேன்."

போன்ல, அக்காவுக்குப் பின்னாடி பில்லிங்ல யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"அப்புறம் எங்கிட்ட ஏன்டி சொல்ற?"