ஒரே ஒரு பிரதிவாதி

மூன்றாம் முயற்சியில் ஓ லெவல் தமிழ்த் தேர்வு, சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை, பிறகு சுந்தரேசன் ஐயா: அமலா வென்றவை இவை. கடைசியாகச் சொன்னதுதான் கடினம்.

மேடைப் பேச்சில் கோப்பைகள் குவித்த சுந்தரேசன்தான் அங்கே தலைமை மொழிபெயர்ப்பாளர். ஒரே சொல் அடுத்த வரியிலும் வந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கள் கம்பெனிமீது தொடுத்த வழக்கின் தீர்ப்புச் சுருக்கத்தை அமலா தமிழாக்கியிருந்தாள். கம்பெனியைத் தொடக்கம் முதல் முடிவுவரை ‘பிரதிவாதி’ என்றே எழுதியிருந்தாள். அவர் முதல் பக்கத்தில் மட்டும் அதை விட்டுவைத்து, பிறகு ‘எதிர்வாதி’, ‘எதிர்த்தரப்பினர்’, ‘வழக்கிடப்பட்டோர்’ என்று பக்கத்துக்குப் பக்கம் அலங்கரித்தார்.

“ஒரே சொல்லா வந்தா படிக்கிறவனுக்கு அலுக்கும்மா.”

“அலுக்கட்டும் ஐயா. வேற ஆளுன்னு நினைச்சிடக்கூடாது.”

“அவ்வளவு முட்டாளா லா நம்மாளுங்க?”

தொழிலாளர்கள் சார்பில் மேல்முறையீடு செய்வதா என்று முடிவெடுக்க வேண்டிய ரத்னவேல் வந்து, அலங்காரத்தைப் பொறுமையாகப் படித்தார்.

“அக்கா, நாங்க ஒரு கம்பெனி மேலதானே கேஸ் போட்டோம்? இதுல நாலு பேரு இருக்காங்களே. தோத்தது இதுல யாரு?”

அமலா எல்லா இடத்திலும் ‘பிரதிவாதி’யைத் திரும்ப வைத்து, முதல் இடத்தில் அது எந்தக் கம்பெனி என்றும் எழுதினாள். இப்போது ரத்னவேலுக்கு விளங்கிவிட்டது. மேல்முறையீடு வேண்டாம், கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது என்றார்.

மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்திடுவது எப்போதும் சுந்தரேசன்தான். அன்று தாளைத் தள்ளிவிட்டார்.

“இந்த வறட்டுத் தமிழுக்குக் கீழே என் பெயரா? நீயே போட்டுக்கோ.”

அமலா கையெழுத்துப் போட்டாள், தேதியோடு: 11 ஜூலை 2023.