மூன்று வருஷத் தேங்காய் பில்

டிராக்டர் கடன் கேட்டுக் கூட்டுறவு வங்கி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான் விழும். கிணத்துக்கடவுப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு, அதோடு மாடுகள். நிலம் அவர் பேரில் இருக்கிறது. பால் சொசைட்டியில் உறுப்பினர் நான்.

சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, டிராக்டர் கடைக் கொட்டேஷன் எல்லாம் தயாராக இருந்தன. அது போதாது, திருப்பிக் கட்டும் சக்தியைக் கணக்குப் போட்டுக் காட்டு என்றது வங்கி. மூன்று வருஷ வருமானத்தில் சாகுபடிச் செலவு, தீவனம், கூலி, குடும்பச் செலவு, பழைய பயிர்க்கடன் எல்லாம் கழிய வேண்டும். மிஞ்சுவதற்குள் தவணை அடங்க வேண்டும். அதற்கு ஆதாரமும் வேண்டும்.

பாலுக்கு ஆதாரம் பஞ்சமில்லை. சொசைட்டிப் பணம் நேராக என் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. தேங்காய்க்கோ ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. வாங்குகிற வியாபாரி என் வீட்டுக்காரருக்கு மாமன் முறை. வெட்டு முடிந்ததும் தோப்பிலேயே நின்று கையில் பணத்தைத் திணித்துவிட்டுப் போவார். மாமனிடம் பில் கேட்டால் முகத்தில் காறித் துப்பிய மாதிரியாம். மூன்று வருஷ விளைச்சலைக் காற்றில் விட்டது இந்தக் கௌரவம்தான்.

ஆதாரம் உள்ளதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். பாலில் மிஞ்சியதற்குள் ஒரு சின்ன டிராக்டரின் தவணை தாராளமாக அடங்கியது. தென்னை வரிசைக்குள் நுழைந்து உழ அதுதான் வசதியும்கூட. 'பால் பணத்திலிருந்து தவணையைப் பிடித்துக்கொள்ளலாம். நானும் கூட்டாகக் கையெழுத்துப் போடுகிறேன்' என்று முடித்தேன்.

படித்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஏம்புள்ள, உன்ற பால்ல டிராக்டர் வாங்குனேன்னு ஊரே சிரிக்கோணுமா? எனக்குப் பெரிய வண்டிதான் வேணும்."

"ஏனுங்க, பெரிய வண்டிக்குக் கணக்கு வரலீங்களே."

"வர வெச்சுப்போடலாம்."

அன்று சாயங்காலமே மாமன் வந்தார். கையில் புது பில் புத்தகம்.

"மாப்பிள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது கண்ணு? தொகையை நீயே சொல்லு, எழுதிப்போடறேன்" என்றார். சும்மா இல்லை. இனி வருகிற வெட்டுகளுக்கு அவர் சொல்வதுதான் விலை.

"மாமா, பொய்க் கணக்கை என்ற கையால எழுத மாட்டனுங்க."

மறுநாளே என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடையில் வேறு கடிதம் தட்டச்சு செய்து வாங்கி வந்துவிட்டார். அதில் தேங்காய் வருமானம் மலை மாதிரி குவிந்திருந்தது. என் பேர் எங்கேயும் இல்லை.

வங்கிக்குக் கூட வராவிட்டால் நன்றாக இருக்காது என்றார், போனேன். மேலாளர், மாமன் எழுதிக் கொடுத்த பில்களைப் புரட்டினார். மூன்று வருஷ பில்லும் ஒரே மை, ஒரே கை, தாளில் ஒரு மடிப்புகூட இல்லை. வரிசை எண் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது, நடுவில் அந்த வியாபாரி வேறு யாரிடமும் ஒரு காய்கூட வாங்காதது போல. மேலாளர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டினவரைச் சபையில் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். அந்தப் பாழாய்ப்போன புத்தி எனக்கும்தான் இருக்கிறது.

"வருஷ முடிவுக்குள்ள கடன் குடுத்து முடிக்கணுமுங்க, எங்களுக்கும் மேல இருந்து நெருக்கடி" என்று சொல்லிக்கொண்டே பரிந்துரை எழுதினார். பிறகு ஒரு மேற்பார்வையாளர் தோப்பைப் பார்க்க வந்தார், இளநீர் குடித்தார், மரத்தை எண்ணாமல் போனார். நிலம் அடமானமாகப் பதிவானது.

பெரிய டிராக்டர் மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றது. தோப்புக்குள் திரும்பவே அதற்கு இடம் போதவில்லை. வாடகை உழவுக்கு ஓட்டலாம் என்றார். ஊரில் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு டிராக்டர். மாமனோ வெட்டுக்கு வெட்டு விலையைக் குறைத்தார். கேட்டால், "பில்லுக்கு நானல்லவா வரி கட்டோணும் மாப்பிள்ளை" என்று பல்லைக் காட்டினார். வரி கட்டுகிற மூஞ்சி!

முதல் அரையாண்டுத் தவணைக்கு வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. நான் மாட்டுத் தொழுவத்தில் சாணி வழித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் நின்றார். உள்ளே கால் வைத்தால் வெள்ளை வேட்டி அழுக்காகிவிடும்.

"அம்மணி, பால் பணம் ஏறிருச்சா?" என்றார்.

நிலம் ஏலத்துக்குப் போய்விடக் கூடாதே என்று பணத்தை எடுத்துக் கொடுத்தேன். வங்கி ரசீதில் கட்டியவர் என்ற இடத்தில் அவர் பேர் போட்டிருந்தார்கள்.