கனவளவின் உயர்வு

2009இல், நான் ஊரைவிட்டு வந்து குடியிருந்த ஹரோவில் நடந்த ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், கணக்கையும் தமிழிலேயே படிப்பிக்க ஆள் தேடினார்கள். நான் வாரம் முழுக்க பெற்றோல் நிலையத்துக் கல்லாவில் நிற்பவன். சனிக்கிழமையாவது யாராவது என்னை மரியாதையாகச் 'சேர்' என்று கூப்பிடமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கச் சொன்னார்கள். நிர்வாகத் தலைவர் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். முன்னால் ஏ லெவல் தொடங்கியிருந்த ஆறு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பக்கம் இருபத்துநான்கு சென்ரிமீற்றர் உள்ள சதுர மட்டை கொடுத்தேன். நான்கு மூலைகளிலும் ஒரேயளவு சதுரத்தை வெட்டியெடுத்து, ஓரங்களை மடித்து, மூடியில்லாத பெட்டி செய்யவேண்டும். எவ்வளவு வெட்டினால் பெட்டி ஆகக் கூடுதலாகக் கொள்ளும் என்பதுதான் கணக்கு. இதை இப்படியே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் ஊரில் படித்த புத்தகத் தமிழைக் காட்டவேண்டும் அல்லவா! "கனவளவின் உயர்வைக் காண்க" என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, தலைவர் பார்க்கிறாரா என்று பார்த்தேன்.

ஒரு பெண்பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள். "அங்கிள், கனவளவு எண்டா வொல்யூமோ?"

"ஓம்" என்றேன், சலிப்போடு.

அவள் வெட்டும் அளவை x என்று வைத்தாள். கனவளவு x(24−2x)². அந்த முப்படிக் கோவையை வகையிட்டுச் சுழியத்துக்குச் சமப்படுத்தினாள். x பன்னிரண்டு அல்லது நான்கு. பன்னிரண்டு வெட்டினால் மட்டையே மிஞ்சாது என்று அதை அடித்துவிட்டு, நான்கு சென்ரிமீற்றர் வெட்டி மடித்தாள்.

என் புத்தகத் தமிழில் 'உயர்வு' என்றால் ஆகக் கூடிய அளவு; மற்ற ஐந்து பேருக்கும் அது உயரம். ஆளுக்குப் பதினொரு சென்ரிமீற்றர் வெட்டி, பென்சில் மட்டுமே நிற்கக்கூடிய ஐந்து கோபுரங்களைக் கட்டியிருந்தார்கள்.

தலைவர் எழுந்து வந்து ஒரு கோபுரத்தைத் தூக்கிப் பிடித்தார். "உயர்வு எண்டால் இதுதானே, சேர்?"

"அதில நாப்பத்தி நாலுதான் கொள்ளும், அங்கிள்" என்றாள் அந்தப் பெண். "என்ரயில ஆயிரத்து இருபத்தி நாலு கன சென்ரிமீற்றர்."

தலைவர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். 'பிழை என்னுடையது, தலைவருக்கும் விளங்கவில்லை' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் 'சேர்' காதுக்குள் இனித்துக்கொண்டிருந்தது.

"ஐயா சொல்லுறதுதான் சரி, பிள்ளை" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். வேலை எனக்கே கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பேர் எழுந்து நின்று, "வணக்கம் சேர்" என்றார்கள். அவளைக் காணவில்லை. இடைவேளையில் தலைவரிடம் விசாரித்தேன்.

"தாய் போன் எடுத்தவ. இஞ்ச பிழையாப் படிப்பிக்கினம் எண்டு பிள்ளை சொல்லுதாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.