படத்தில் விடுபட்ட ஐந்து மில்லிமீட்டர்

அளவுக்காரர் படித்தது எட்டாம் வகுப்புவரை. அதிலும் கடைசி வருஷம் பாதிநாள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. ஆனால் ஒரு மனையை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வண்ணத்தில் வரைந்து காட்டச் சொன்னால், அவரை மிஞ்ச ஆளில்லை. இதை அவர் தானே சொல்லிக்கொள்வார் என்பது உண்மைதான். சொல்லிக்கொள்ளும் தகுதியும் இருந்தது.

இருபத்தாறு வருஷம் தரைக்கல் பதித்த கை அது. முழங்கால் தேய்ந்து, இனிக் குந்த முடியாது என்று ஆனபோது, மருமகள் தன் பழைய கணினியை அவர் முன்னால் வைத்தாள். அவள் கட்டட வரைவாளர். வீட்டின் முன்னறையையே அலுவலகமாக்கிக்கொண்டவள். "சும்மா பொழுது போகட்டும் மாமா" என்றுதான் கொடுத்தாள். ஆறே மாதத்தில் அவள் போடும் கோட்டுப் படங்களுக்கெல்லாம் வண்ணம் ஏற்றும் வேலை அவருடையதாகிவிட்டது.

அவர் படத்தில் புல் புல்லாக இருக்கும், கல் கல்லாக இருக்கும். மற்றவர்கள் தரைக்கல் வடிவத்தை ஏனோதானோ என்று பெரிதாக்கி ஒட்டிவிடுவார்கள். பார்த்தால் ஒவ்வொரு கல்லும் கட்டில் அளவுக்குத் தெரியும். அவர் அப்படிச் செய்ய மாட்டார். இருபது சென்டிமீட்டர் கல் என்றால், படத்திலும் அதே விகிதத்தில்தான் வரும். மரத்தின் விரிவு, கார் நிற்கும் கட்டம், காரின் நீளம் எல்லாவற்றையும் அளந்துதான் வைப்பார். கட்டம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று காரைச் சுருக்கி வைக்கும் வித்தை ஊரெல்லாம் உண்டு. "காரைச் சுருக்கி வரையிறவன் ஒருநாள் மனுஷனையும் சுருக்குவான்" என்பார்.

"உங்க புருஷனுக்கு வாயும் அதே விகிதத்துல இருந்தா நல்லா இருக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, அவர் மனைவி, "அது மட்டும் ரெண்டு மடங்கு" என்றாள்.

அந்த மாதம் மருமகளுக்கு ஒரு வேலை வாய்க்கப் பார்த்தது. தனியாக அலுவலகம் வைத்தபின் அவள் கைக்கு வரக்கூடிய முதல் பெரிய வேலை. ஒரு டாக்டரம்மாவின் மருத்துவமனை. பழைய கட்டடம் அப்படியே நிற்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று எழும்பும், பழைய கட்டடத்துக்கு முன்னால் வேலிவரை வாகனங்கள் நிற்க இடம். இருபத்திரண்டு கார் நிற்க வேண்டும், ஆம்புலன்ஸ் பழைய கட்டடத்து அவசர சிகிச்சைக் கதவுக்கு நேராக நிற்க வேண்டும், வேலியோரத்து மரத்தை வெட்டக் கூடாது. இந்த மூன்றையும் படத்தில் காட்டினால் வேலை அவளுக்கு. படம் காட்டும் நாளில் காலையில் இவர்கள் போக வேண்டும், அன்றைக்கே மத்தியானம் இன்னொரு அலுவலகம் தன் படத்தோடு வரும். இது கிடைக்காவிட்டால் அலுவலகத்தை மூடிவிட்டு மாதச் சம்பளத்துக்கே போய்விடுவதாக அவள் கணவனிடம் சொன்னது, அளவுக்காரர் காதிலும் விழுந்திருந்தது.

"மாமா, பழைய கட்டடத்தை யார் அளக்கிறது? நான் ஆள் வைக்கவா?"

"ஆளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவரே போனார். டேப்பைத் தரையில் போட்டு, சுவரின் அடியைப் பிடித்து, ஒரு முனை விடாமல் அளந்தார். சுவருக்கும் எதிர் வேலிக்கும் நடுவே பதினெட்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் மருமகள் இடத்தைப் பிரித்தாள். சுவரோரம் அறுபது சென்டிமீட்டர் செடிப்பாத்தி, அப்புறம் ஐந்து மீட்டருக்குக் கார் கட்டங்கள், நடுவே ஆறு மீட்டர் வண்டிப் பாதை, மறுபடி ஐந்து மீட்டர், வேலியோரம் ஒன்றரை மீட்டரில் மரமும் புதரும். இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று. வரிசையின் கோடியில், ஆம்புலன்ஸ் பின்பக்கத்தைச் சுவரோரம் காட்டி நிற்க அகலமாக ஒரு கட்டம்.

அளவுக்காரர் மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்ணம் ஏற்றினார். இருநூறில் ஒரு பங்கு அளவு, அதாவது படத்தில் ஐந்து மில்லிமீட்டர் என்றால் நிலத்தில் ஒரு மீட்டர். புதிய கட்டடத்துக்குத் தட்டையான மொட்டைமாடி, பழையதற்குச் சரிந்த தகரக் கூரை. நிழல்கள் ஒரே பக்கமாய் விழுந்தன. பெரிய தாளில் அச்செடுத்து வந்தபோது மருமகளே நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

"பறவை பார்த்த மாதிரி இருக்கு மாமா."

"பறவைக்குக் கூட இவ்வளவு துல்லியம் வராது."

காலை பத்து மணிக்கு மருத்துவமனையின் கூட்ட அறையில் படத்தை விரித்தார்கள். டாக்டரம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். கார்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். இருபத்திரண்டு. மரத்தைத் தேடினார். இருந்தது.

"கல்லுகூடத் தனித்தனியாத் தெரியுதே!"

"எண்ணிப் பார்த்துக்கலாம்மா. நிலத்துல எத்தனை பதிக்கணுமோ, அத்தனை இருக்கும்" என்றார் அளவுக்காரர், நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு விரக்கடை பிசகாது. நானே போய் அளந்தது."

மருமகள் மேசைக்குக் கீழே அவர் காலை லேசாக மிதித்தாள். போதும் மாமா என்று அர்த்தம்.

டாக்டரம்மாவுக்குப் படம் பிடித்துவிட்டது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். "எதுக்கும் வண்டி ஓட்டுறவரும் ஒரு தடவை பார்த்துடட்டும்" என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் கூப்பிட்டனுப்பினார்.

ஓட்டுநர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா மேடம், பழைய கட்டடத்துத் தகரத்தை வெட்டப் போறீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அப்புறம் தகரம் எங்க? சுவரைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்குமே. மழை பெய்தா அதுக்குக் கீழதானே நான் நின்னு டீ குடிப்பேன். இந்தப் படத்துல நான் நனைஞ்சுடுவேன் போலயே."

யாரோ சிரித்தார்கள். அளவுக்காரர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் குனிந்தே வேலை செய்த மனிதர், அளக்கப் போன அன்றைக்கும் சுவரின் அடியைப் பார்த்தாரே ஒழிய, தலையை நிமிர்த்தவில்லை. மேலிருந்து பார்க்கிற படத்தில் சுவர் தெரியவே தெரியாது. கூரையின் விளிம்புதான் தெரியும். அவர் சுவர்க் கோட்டிலேயே கூரையை முடித்துவிட்டார்.

"என் வண்டி எட்டரை அடி உயரம். தகரம் கையை நீட்டினா தொடுற உயரம்" என்றார் ஓட்டுநர். "இங்க பின்னால எடுத்தா முதல் நாளே மேல இருக்கிற விளக்கு போயிடும். ஸ்ட்ரெச்சரை இழுக்கவும் இடம் இல்லை."

டாக்டரம்மா பேனாவை மூடினார். மருமகளைப் பார்த்தார். "இது யார் அளவும்மா?"

"எங்க அளவுதான் மேடம். நான் சரிபார்த்திருக்கணும்" என்றாள் அவள்.

அளவுக்காரருக்கு வாயைத் திறப்பது என்றைக்கும் கஷ்டமாக இருந்ததில்லை. அன்றைக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் எழுந்து நின்றார்.

"அவ மேல தப்பில்லைம்மா. ஆள் வைக்கிறேன்னுதான் சொன்னா. நான்தான் விடலை. அளந்தது நான், வரைஞ்சதும் நான். கீழ பார்த்தேன், மேல பார்க்கலை." கொஞ்சம் மூச்சு விட்டார். "அரை மணி நேரம் கொடுங்க. இங்கேயே, தரையிலேயே போட்டுக் காட்டுறேன்."

"மத்தியானம் இன்னொருத்தர் வர்றாங்க."

"அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

வாசலுக்கு வந்தார்கள். ஏணியைச் சாய்த்து ஓட்டுநர் ஏறி டேப்பைப் பிடிக்க, மருமகள் கீழே நின்று எழுதினாள். தகரமும் மழைநீர்க் குழாயும் சேர்ந்து சுவரைவிட ஒரு மீட்டர் வெளியே இருந்தன. உயரம் இரண்டு மீட்டர் பதினைந்து. வெளியே நீட்டிய அந்த ஒரு மீட்டர், படத்தில் ஐந்து மில்லிமீட்டர். ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை.

அளவுக்காரர் சுண்ணாம்புப் பொடி வாங்கிவரச் சொன்னார். ஆணி அடித்தார், கயிறு இழுத்தார். மூலை சரியாக இருக்க ஒரு பக்கம் மூன்று மீட்டர், மறுபக்கம் நான்கு, குறுக்கே ஐந்து. மருமகள் ஆம்புலன்ஸ் கட்டத்தை முன்னால் நகர்த்தினாள். வண்டியின் பின்கதவுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருபது. வெள்ளைக் கோடு விழ விழ, படம் தரையில் முளைத்தது.

"எடுங்க வண்டியை" என்றார் அளவுக்காரர்.

ஓட்டுநர் பின்னால் எடுத்தார். கோட்டில் நின்றது. தகரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேலேயே இடைவெளி. பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுத்தார்கள். சுவரில் இடிக்காமல், தலைப்பக்கம் தகரத்தின் கீழே வந்து நின்றது.

"மழையில நோயாளி முகம் நனையாது" என்றார் ஓட்டுநர். "இப்ப சரி."

"ஆனா மூக்கு நீட்டிக்கிட்டு நிக்குதே" என்றார் டாக்டரம்மா.

வண்டியின் முன்பக்கம் பாதைக்குள் இரண்டரை மீட்டருக்கு மேல் வந்திருந்தது. மீதி மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கார் கடந்து போகலாம். ஆனால் எதிர்வரிசைக் கோடியில் நிற்கும் இரண்டு கார்கள் திரும்பி வெளியே வர முடியாது.

மருமகள் சுற்றி வளைக்கவில்லை. "அந்த ரெண்டு கட்டத்தையும் எடுத்துடணும் மேடம். இருபதுதான் நிக்கும். சுவரோரச் செடிக்கும் தகரத்துக்குக் கீழ மழை விழாது, வாடிடும். அங்க கூழாங்கல் போட்டுட்டு, செடியை மரத்துக்குக் கீழ அந்த ரெண்டு கட்டத்துல வைக்கலாம். இருபத்திரண்டு வேணும்னா கார்களைச் சின்னதா வரையணும். அதை இவர் செய்ய மாட்டார்."

டாக்டரம்மா வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து பார்த்தார். ஸ்ட்ரெச்சருக்கும் சுவருக்கும் நடுவே தானே நின்று, கையை விரித்துப் பார்த்தார்.

"அந்த ரெண்டும் என் காருக்கும் என் வீட்டுக்காரர் காருக்கும்னு நினைச்ச இடம்தான். எங்க காருங்க பின்தெருவுல நிக்கட்டும். நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் நான்தானே சொல்றேன்." பிறகு மருமகளிடம் திரும்பினார். "திருத்தின படம் நாளைக்கு வரட்டும். மத்தியானம் வர்றவங்களுக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடுறேன். ஐயா, அந்தக் கோட்டை அழிக்காதீங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மருமகள் சொன்னாள்: "ஆள் வைக்கட்டுமான்னு இனிமே உங்ககிட்ட கேட்க மாட்டேன் மாமா. வெச்சுடுவேன்."

"வெச்சுக்கோ. அவனை நான் சரிபார்க்கிறேன்."

"உங்களை நான் சரிபார்ப்பேன்."

அவர் தலையாட்டினார். அவர் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி கேட்டாள். "என்னங்க, போன காரியம்?"

"முடிஞ்சது. நடுவுல ஒரு பெரிய தப்பு இருந்தது. கூரை விளிம்பே படத்துல இல்லை. விட்டிருந்தா ஆம்புலன்ஸ் தலையே போயிருக்கும். தரையில கோடு போட்டு நிறுத்திக் காட்டினேன் பாரு, டாக்டரம்மா அசந்துட்டாங்க."

"அப்படியா! யாரு பண்ணின தப்பாம்?"

மருமகள் தட்டிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அளவுக்காரர் தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"நான்தான்" என்றார். "வேற யாருக்கு அவ்வளவு பெரிய தப்பு பண்ண வரும்?"