மெத்தைக்காரர் எழுதிய காரணம்

மெத்தைக்காரருக்குப் பஞ்சைத் தொட்டாலே எத்தனை கிலோ என்று தெரியும். வரிக் கணக்கு மட்டும் தெரியாது. முப்பது வருடமாக அதை வீட்டம்மாதான் பார்த்தாள். கடை ரசீதுகளை மாதவாரியாகத் தலையணை உறைகளில் போட்டு வைத்து, கெடுவுக்குள் தாக்கல் செய்துவிடுவாள். வரி அலுவலகத்தில் பதிந்திருந்ததும் அவள் கைபேசி எண்தான். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, கெடுவுக்கு இருபது நாள் இருக்கும்போது அவள் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்டு வந்த அழைப்புகளைத் தாங்க முடியாமல் அவர் அந்தக் கைபேசியை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டார். கெடு நெருங்குகிறது, கெடு முடிந்தது, அபராதம் என்று வந்த செய்திகள் எல்லாம் அவர் கண்ணில் படவேயில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கடைக்கே தபால் வந்தது. அவள் தம்பி ஓடிவந்து, கணக்குத் தெரிந்த ஆளைப் பிடித்துத் தாக்கல் செய்யவைத்து, வரியையும் கட்டவைத்தான். அபராதம் மிச்சமிருந்தது. அதையும் கட்டினால் அடுத்த லோடு பஞ்சு வாங்க வழியில்லை, கடையைச் சாத்த வேண்டியதுதான். தள்ளுபடி கேட்டு இருவரும் மனுவோடு வரி அலுவலகம் போனார்கள்.

அதிகாரியம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். “‘என் கவனக்குறைவால் தாமதம்’னு எழுதியிருக்கீங்க. கவனக்குறைவுக்குத் தள்ளுபடி கிடையாதுங்க. உங்க கைமீறி என்ன நடந்துச்சு?”

மெத்தைக்காரர் நாற்காலி மெத்தையின் பிரிந்த தையலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க மாமா. வாயில என்ன பஞ்சா அடைச்சிருக்கு?” என்றான் மைத்துனன்.

“உங்கக்கா மேல பழியைப் போடச் சொல்றியா மாப்ளே? ஒரு வருஷம் பிந்தினதில்ல அவ.”

கணக்குப் பார்த்துவந்த அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்து தவறியதை மைத்துனனே எடுத்துச் சொன்னான். “இது பழி இல்லீங்கய்யா,” என்றார் அதிகாரியம்மா. “இத்தனை வருஷம் பிந்தாததும் உங்களுக்குச் சாதகம்தான். அவங்க என்னிக்கு ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, என்னிக்குத் தவறுனாங்க, உங்களுக்கு எப்போ தெரிஞ்சு தாக்கல் பண்ணீங்க, எல்லாம் தேதியோட எழுதுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் நகல் வைங்க. முடிவு மேலதிகாரி கையில. வட்டி மட்டும் எப்படியும் கட்டணும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து திரும்ப எழுதினார். ‘என் மனைவி’ என்பதுவரை கை ஓடியது. அதற்கப்புறம் பேனா நின்றுவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் ‘அவ இல்லீங்க’ என்றுதான் சொல்லிவந்தார். ‘இறந்துவிட்டார்’ என்று எழுதியது அன்றுதான். மைத்துனன் கேலியை விட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தொடர்பு எண்ணை மாற்றும் படிவமும் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் தன் எண்ணை எழுதினார். இரண்டாவது கட்டத்தில் அவளுடையதையே எழுதினார்.

“அதை யாரு மாமா எடுப்பா?”

“நான்தான் எடுப்பேன். வேற யாரு?”

அன்று அவள் கைபேசியைச் சார்ஜில் போட்டவர் பிறகு அணைக்கவில்லை. ஆறு வாரம் கழித்து, சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில் அதில் செய்தி வந்த மணி அடித்தது. அபராதம் முழுவதும் தள்ளுபடி, வட்டியை மாதக் கடைசிக்குள் கட்டவும் என்றிருந்தது.

“இந்தா, உனக்குத்தான் வந்திருக்கு,” என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்துவிட்டார். பிறகு எச்சில் கை காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.