வாயால் சொன்னால்தான் பெயர்

என் அண்ணி கூரியர் ஆபீஸ் கவுன்டரில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் கயிறு கட்டிய பேனா தொங்கும். வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். சமைக்கும்போது குனிந்தால் பேனா குழம்புக்குள் எட்டிப் பார்க்கும். பார்சல் யாருக்கோ அவரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் போட்டால் செல்லாது என்பது அவருடைய ஆபீஸ் சட்டம். வீட்டிலும் அதே சட்டம்தான். "பால்காரருக்குக் காசு கொடுத்தாச்சா?" என்று கேட்டால் "கொடுத்திருப்பாங்க" என்று நான் சொல்ல முடியாது. "கொடுத்தியா இல்லையா?" என்பார்.

நான் எட்டாவதோடு நின்றவள். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு துணி தைக்கிறேன். யார் முன்னாலும் எனக்குப் பேச்சு வராது. அதனால் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு டீ பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலையாக இருந்தது. டீ ஊற்றுகிறவளை யாரும் கவனிப்பதில்லை. நான் எல்லோரையும் கவனிப்பேன்.

அண்ணி அந்தக் கமிட்டிக்குள் போன காரணம் என் அண்ணன். போன வருஷம் திருவிழாவுக்குத் கமிட்டித் தலைவரின் மருமகன்தான் கூட்டத்தில் முடிவானதைத் தொகுப்பாக எழுதினான். வரிசை நிற்கும் இடத்தில் தடுப்பு கட்டிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு என் அண்ணன் பெயரைப் போட்டுவிட்டான். கூட்டத்தன்று அண்ணன் பேக்கரியில் பகல் ஷிப்டில் இருந்தான். "அவன்தான் வருஷாவருஷம் செய்வானே" என்று யாரோ சொன்னார்களாம், எழுதிவிட்டார்களாம். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. திருவிழா அன்றும் அவனுக்கு ஷிப்ட். கூட்டம் நெருக்கியதில் ஒழுங்காகக் கட்டாத தடுப்பு சரிந்து ஒரு அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. எல்லோரும் அந்தத் தொகுப்பை ஒட்டியிருந்த கோயில் அறிவிப்புப் பலகையைக் காட்டினார்கள். அங்கே அண்ணன் பெயர் இருந்தது.

அன்றிலிருந்து அவனுக்குத் 'தடுப்புக்கட்டை' என்று பெயர். சலூனில், பஸ் நிறுத்தத்தில், எங்கேயும். அவன் கோயில் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். இந்த வருஷம் முதல் கூட்டத்தில் தொகுப்பு எழுத ஆள் யார் என்று கேட்டபோது எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். அண்ணி கையைத் தூக்கினார். பொம்பளைதானே, சொன்னதை எழுதும் என்று நினைத்துத் தலைவர் சம்மதித்தார்.

தலைவர் ஹார்டுவேர் கடைக்காரர். பேசும்போது மேஜையைத் தட்டுவார்.

அண்ணி எழுதும் முறை இதுதான். ஒரு நீளத் தாளை மூன்றாக மடிப்பார். முதல் மடிப்பில் வசூல், இரண்டாவதில் செலவு, மூன்றாவதில் பொறுப்பு. இரண்டு மணி நேரம் பேசினாலும் அந்த மூன்றுக்குள் விழாதது எதையும் எழுத மாட்டார். சண்டை எழுத மாட்டார். யாருடைய அப்பா என்ன கொடுத்தார் என்ற பழங்கதை எழுத மாட்டார். பேசி முடிவெடுக்காமல் விட்டதை மட்டும் 'முடிவாகவில்லை' என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லை அங்கே யாருக்கும் பிடிக்காது. கடைசியில் நின்று எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் பலகையில் ஒட்டுவார்.

நான் சொல்ல வந்தது இரண்டாவது கூட்டம் பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் பக்கத்து அறை. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, அதுவும் தலைவர் பக்கம் மட்டும் திரும்பும்.

"வசூல் ஒரு லட்சத்து எண்பதாயிரம். எழுதிக்கோம்மா," என்றார் தலைவர்.

"ரசீது புத்தகம் காட்டுங்க அண்ணே."

"என் வார்த்தை போதாதா?"

பொருளாளர் வாத்தியார், பாவம், பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர்தான் மெதுவாகப் புத்தகங்களை நகர்த்தினார். அண்ணி அடிக்கட்டைகளைக் கூட்டினார்.

"ரசீது போட்டு வந்தது ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து ஐநூறு. மீதி முப்பத்தேழாயிரத்து ஐநூறு தர்றேன்னு சொன்னது. ரெண்டையும் தனித்தனியா எழுதறேன்."

சொன்னதில் இருபத்தைந்தாயிரம் தலைவருடையது. எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"தர்றவனை இப்படித்தான் அவமானப்படுத்துவீங்களா?" என்று மேஜையைத் தட்டினார்.

"தந்ததும் அந்தப் பக்கத்துக்கு மாத்திடுவேன் அண்ணே. ஒரு வரி வேலை."

செலவிலும் அப்படித்தான். பந்தலுக்குப் பேசியது அறுபதாயிரம், முன்பணம் இருபதாயிரம் கொடுத்தாச்சு, பாக்கி நாற்பதாயிரம், வேலை முடிந்த பிறகு. விளக்குக்காரர் கேட்டது இன்னும் ஒத்துக்கொள்ளப்படவில்லை, முடிவாகவில்லை. வாத்தியார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் மனசு குளிர்ந்தது போலிருந்தது.

பொறுப்பு பங்கிடும்போதுதான் வெடித்தது. செருப்பு பார்க்க, வண்டி நிறுத்த, தடுப்பு கட்ட என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் "நான்" என்றார். அண்ணி ஒவ்வொருவரையும் திருப்பிக் கேட்டார்: "அன்னைக்கு ஊர்ல இருப்பீங்களா? எத்தனை மணியிலிருந்து?" அதையும் எழுதினார். அடுத்து தண்ணீர்ப் பொறுப்பு வந்தது. காலையிலிருந்து வெயிலில் வரிசை நிற்கும் ஜனத்துக்கு டிரம் நிரப்பி, டம்ளர் கழுவி, தீர்ந்தால் லாரிக்குப் போன் பண்ணுவது. யாருக்கும் பிடிக்காத வேலை.

"அது நம்ம பெயின்டர் பாத்துப்பான்," என்றார் தலைவர்.

பெயின்டர் அங்கே இல்லை. தலைவர் கடையில்தான் கடனுக்குப் பெயின்ட் வாங்குவார். அதனால் அவர் வாய் தலைவரிடம் அடகில் இருந்தது.

"அவர்கிட்ட கேட்டீங்களா அண்ணே?"

"நான் சொன்னா செய்வான்."

"அவர் சொல்லட்டும். இப்போதைக்கு, தண்ணீர், யாரும் ஏற்கவில்லை. முடிவாகவில்லை."

"ஏம்மா, நீ எழுத வந்தியா, தலைவரா வந்தியா?"

"எழுதத்தான் அண்ணே வந்தேன்."

பின்னால் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வீட்டுக்காரர் கட்டை விழுந்து ஒரு கால் போச்சு. அதான் இங்க வந்து எல்லார் காலையும் பாக்குது."

சிரித்தார்கள். வாத்தியார்கூட வாயைத் துடைத்துக்கொண்டார். என் கையில் பிளாஸ்க் இருந்தது. 'போன வருஷமும் இப்படித்தான் கேக்காம எழுதினீங்க' என்று தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அண்ணி நிமிரவில்லை. பேனா முனையைத் தாளில் வைத்தபடி சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து நின்று மூன்று மடிப்பையும் வாசித்தார். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் போடவில்லை. அண்ணி 'தலைவர் கையெழுத்திடவில்லை' என்று கீழே எழுதிப் பலகையில் ஒட்டினார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒரு சைக்கிள் தடாலென்று விழுந்தது. பெயின்டர் வந்திருந்தார். சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"அக்கா! என் பேரை ஏன் எடுத்தீங்க?"

"போடவே இல்லையே. எங்க எடுக்கிறது?"

"தலைவரே சொன்னாராம், நீங்க மாட்டேன்னீங்களாம். செருப்பு பாக்கிறவன் பேரு பலகைல இருக்கு. என் பேரு இல்ல. என் பொண்டாட்டி கேக்கறா, உங்களை ஒரு மனுஷனா மதிக்கலையான்னு!"

நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். அந்தப் பலகையில் பெயர் வருவதற்காகவே வேலைக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அவர் கோபப்படவில்லை.

"சரி, தம்பி. இப்ப கேக்கறேன். தண்ணிய நீங்க பாத்துக்கறீங்களா?"

"நான் எப்ப மாட்டேன்னேன்?"

"திருவிழா அன்னைக்குக் காலைல எத்தனை மணிக்கு வருவீங்க?"

பெயின்டர் வாயைத் திறந்தார், மூடினார். விரல்விட்டு எண்ணினார்.

"அன்னைக்கா? அன்னைக்கு நான்... வெளியூர்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடிக்கறேன். லீவுலதான் அடிக்க முடியும். பத்து நாள் அங்கேயே தங்கல்." தலையைச் சொறிந்தார். "தலைவருக்கும் தெரியுமே. பெயின்ட் அவர் கடையிலேர்ந்துதான் போகுது."

அண்ணி வாசலுக்கு இறங்கினார். சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தார். பெயின்டர் போகும்போது, "என் பேரு வந்திருந்தா தண்ணி இல்லாம என்னைத்தானே அடிச்சிருப்பாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போனார்.

உள்ளறையிலிருந்து அண்ணன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"தண்ணிக்கு என் பேரைப் போடு. அன்னைக்கு லீவு சொல்லிடறேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அவன் இப்படி ஒரு பேச்சுப் பேசவில்லை. அண்ணி கண் கலங்கும் என்று நினைத்தேன்.

"வீட்ல சொன்னா எழுத மாட்டேன்," என்றார் அண்ணி. "கூட்டத்துல வந்து சொல்லுங்க."

"அங்க வந்தா சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க. அதை நான் எழுத மாட்டேன்."

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கதவருகில் நின்றான். "வாங்க, தடுப்பு வந்தாச்சு, இனி ஒண்ணும் சாயாது," என்றது பின்வரிசை. அண்ணன் காது சிவந்தது. ஆனால் குரல் வெளியே வந்தது: "தண்ணிய நான் பாத்துக்கறேன். காலைல அஞ்சு மணிலேர்ந்து, கடைசி ஆள் போறவரைக்கும்."

அண்ணி வேற்று மனிதரைக் கேட்பதுபோல் கேட்டார்: "அன்னைக்கு ஊர்ல இருப்பீங்களா?"

"இருப்பேன்."

எழுதினார். வாத்தியார் மட்டும் மெல்ல, "நல்லது," என்றார்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. பெயின்டர் சங்கதி அதற்குள் கடைத்தெரு முழுக்கப் பரவியிருந்தது. மேஜையைத் தட்டினார். "ஒரு தீர்மானம். அடுத்த வருஷம் தொகுப்பு வேற ஆள் எழுதட்டும். இந்தம்மா வேண்டாம். யாருக்காவது ஆட்சேபணை?"

யாருக்கும் இல்லை. நாலைந்து பேர் கையே தட்டினார்கள். போன வாரம் கையெழுத்துப் போட்டவர்களும் அதில் உண்டு. நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் ரசீது புத்தகத்தின் மூலையை மடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மூன்றாவது மடிப்பின் அடியில் அதையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"வேற ஆள், யாரு?"

தலைவர் தன் மருமகனைப் பார்த்தார். மருமகன் செருப்பைப் பார்த்தான். கை தட்டியவர்களும் செருப்பைப் பார்த்தார்கள்.

"யாராவது வாயால சொல்லுங்க, எழுதிக்கறேன்," என்றார் அண்ணி.

நான் டம்ளர்களைப் பொறுக்கி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து நின்று, வசூலிலிருந்து தொடங்கி வரிவரியாக வாசித்தார். கடைசி வரி இப்படி இருந்தது:

"அடுத்த ஆண்டு தொகுப்பு எழுத வேறு ஆள். பெயர்: முடிவாகவில்லை."